அப்ரண்டிஸ் பதிவு: அந்த 1,500 ரூபாய் எங்கே போனது?

அக்கா மகன் குன்னூரில் ஐடிஐ எலக்ட்ரீசியன் முடித்துவிட்டு ஊட்டியில் ஒரு ஓட்டலில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். நாலு மாதம் கழித்து, "மாமா, ஏழாயிரம்னு சொல்லித்தானே சேத்தாங்க, மாசம் அஞ்சாயிரத்து ஐந்நூறுதான் வருது" என்று வந்து நின்றான். ஓட்டல்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அக்கா வீட்டில் ஏற்கெனவே தீர்ப்பே எழுதியாயிற்று. பார்த்தால் தப்பு எங்கள் பக்கம். ஒரு மாதம் அலைந்து கண்டுபிடித்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. முதலில் எந்தத் தளம்?

ஐடிஐ முடித்தவர்களும் பள்ளியோடு நிறுத்தியவர்களும் `apprenticeshipindia.gov.in` போக வேண்டும். டிப்ளமோ, டிகிரி என்றால் `nats.education.gov.in`. நம் போக்குவரத்துக் கழகம் டிகிரி, டிப்ளமோ அப்ரண்டிஸ் எடுப்பது இந்த இரண்டாவது தளம் வழியாகத்தான். பதிவு செய்வதைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை, திரையில் கேட்பதை நிரப்பினால் போதும். செல்போனில் மட்டும் செய்யாதீர்கள். மலையில் சிக்னல் போய்ப் போய் வரும். பாதி நிரப்பிய படிவம் போயே போச்சு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

இன்டர்ன்ஷிப் ஆசையும் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் 2024-இல் தொடங்கியபோது வைத்த வயது வரம்பு 21 முதல் 24. அதோடு, இந்த இரண்டு தளங்கள் வழியாக அப்ரண்டிஸ் முடித்தவர்களை அதில் சேர்ப்பதில்லை. இரண்டும் வேண்டும் என்றால் எதை முதலில் செய்வது என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

2. இனிஷியல்

நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிற தலைவலி இது. இவனுக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. தளம் ஆதாரிலிருந்துதான் பெயரை எடுத்துக்கொள்ளும். கடைசியில் வரும் சான்றிதழிலும் அதே பெயர்தான். அதனால் பதிவுக்கு முன்பே, மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி ஆதாரை மாற்றிவிடுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு தடவைதான் மாற்ற முடியும், எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துக் கொடுங்கள். ஆதார் மையத்துக்குப் போன கையோடு இப்போது கையில் இருக்கும் செல் நம்பரையும் ஆதாரில் சேர்த்துவிடுங்கள். பழைய நம்பருக்குப் போகும் ஓடிபியை யாரும் பிடித்துத் தர மாட்டார்கள்.

3. ஒப்பந்த எண்

வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்ரண்டிஸ் ஆகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். நிறுவனம் தளத்தில் ஒப்பந்தம் போட்டு, நீங்கள் அதை ஏற்று, ஒப்பந்த எண் வந்தால்தான் கணக்கு. அந்த எண் இல்லாவிட்டால் நீங்கள் குறைந்த கூலிக்கு ஆள், அவ்வளவுதான். முடிவில் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் கிடையாது. ஏற்பதற்கு முன் டிரேடு பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாத உதவித்தொகை ஆகிய நாலையும் படித்துப் பாருங்கள். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும்.

4. பணம்: நாங்கள் தடுக்கி விழுந்த இடம்

2019-இல் திருத்திய விதிப்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 7,000 ரூபாய். இதில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 வரை, மத்திய அரசு தருகிறது. ஏழாயிரத்தில் கால் பங்கு 1,750. வரம்பு 1,500 என்பதால் அரசு 1,500, ஓட்டல் 5,500. முன்பு நிறுவனம் முழுசாகக் கொடுத்துவிட்டு அரசிடம் திரும்ப வாங்கிக்கொள்ளும். 2023-லிருந்து அரசின் பங்கு டிபிடி என்ற முறையில் நேராக அப்ரண்டிஸின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆக ஓட்டல் தன் பங்கைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறது.

அப்படியானால் 1,500 எங்கே? வங்கிக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஆதார் லிங்க் ஆயிருக்கே" என்றார். திரும்பி வந்துவிட்டோம். இப்படியே இரண்டு தடவை. இங்கேதான் சூட்சுமம். கணக்கில் ஆதார் நம்பரைப் பதிந்து வைப்பது ஒன்று. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று, வங்கிகளுக்கிடையே பணம் மாற்றிவிடும் என்பிசிஐ நிறுவனத்தின் பட்டியலில் ஏற்றுவது வேறொன்று. அந்தப் பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் இருக்கும்.

பார்ப்பது எப்படி: `myaadhaar.uidai.gov.in` போய் ஓடிபி கொடுத்து உள்ளே நுழைந்து `Bank Seeding Status` என்பதைத் தட்டுங்கள். வங்கியின் பெயரும் Active என்றும் வரும். எங்களுக்கு வந்தது வேறு வங்கியின் பெயர்! ஐடிஐ படிக்கும்போது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் வாங்க ஒரு கணக்கு திறந்திருக்கிறான். படிப்பு முடிந்ததும் அதை மறந்தே போய்விட்டான். ஏடிஎம் கார்டைத் தேடியெடுத்துப் போட்டுப் பார்த்தால் 4,500 ரூபாய் அப்படியே கிடக்கிறது. நாலாவது மாதப் பணம் இன்னும் வரவில்லை. நிறுவனம் தன் பங்கைக் கொடுத்ததைத் தளத்தில் பதிந்த பிறகே அரசின் பங்கு நகரும், அதனால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும்.

பழைய கணக்கே போதும் என்றால் அப்படியே விட்டுவிடலாம். மாற்ற வேண்டும் என்றால் புதிய வங்கியில், "டிபிடிக்காக என்பிசிஐ மேப்பிங் மாற்ற வேண்டும்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். "ஆதார் லிங்க்" என்று சொன்னால் மறுபடி அதே பதில்தான் வரும். சம்மதப் படிவம் ஒன்று தருவார்கள், பழைய வங்கியின் பெயரை அதில் குறிப்பிடுங்கள். சில நாள் கழித்துத் தளத்தில் பெயர் மாறியதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை 1: கோத்தகிரியிலிருந்து ஒருவர், தன் மகளுக்கு `Inactive` என்று வருகிறது என்று எழுதியிருந்தார். அப்படியென்றால் பணம் எந்தக் கணக்குக்கும் போகாது. அந்த வங்கியிலேயே மறுபடி படிவம் கொடுத்தால் போதும்.

பின்சேர்க்கை 2: கொடைக்கானலில் ஓட்டலில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது: "அண்ணா, சீசன்ல ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நிக்க வைக்கிறாங்க, ஓவர்டைம் கேட்கலாமா?" அப்ரண்டிஸ் சட்டத்தில் ஓவர்டைமே கிடையாது தம்பி. அரசின் அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் உங்களை அப்படி நிறுத்தவே கூடாது. எடுத்தவுடன் சண்டைக்குப் போகாதீர்கள். தேதி, நேரம், என்ன வேலை என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒப்பந்த எண்ணையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு நீங்கள் படித்த ஐடிஐ-க்குப் போய், அப்ரண்டிஸ் விஷயத்தைப் பார்க்கிறவர் யார் என்று கேளுங்கள். மே மாதம் முடிகிறவரை காத்திருக்காதீர்கள், அதற்கு முன்பே போங்கள்.