கடைசி டியூட்டி வேறு, ரிலீவ் ஆகும் நாள் வேறு: மேல்படிப்புக்குப் போகும் நர்ஸ் செய்தி எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

"சிஸ்டர், எம்.எஸ்சி. சேரப் போறேன். ஆகஸ்ட் 14 எனக்குக் கடைசி நாள்." கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். படிக்கத் தெளிவாக இருக்கும். டியூட்டி லிஸ்ட் போட உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும்.

14ஆம் தேதி நைட் போட்டால் இரவு 8 மணிக்கு ஏறி 15ஆம் தேதி காலை 8 மணிக்குத்தான் இறங்க முடியும். அப்படியானால் கடைசி நாள் 14ஆ, 15ஆ? பாக்கி இருக்கும் ஆஃப் 14க்கு முன்னால் கழியுமா, பின்னால் கழியுமா? நீங்கள் சொல்லாவிட்டால் இன்சார்ஜ் சிஸ்டர் ஒன்றை நினைத்து லிஸ்ட் போடுவார், அலுவலகம் இன்னொன்றை நினைத்துக் கணக்கு முடிக்கும். அதனால் இரண்டு தேதியும் வேண்டும். ஒன்று, கடைசியாக வார்டில் நிற்கும் நாள், ஷிஃப்டோடு. மற்றது, ரிலீவ் ஆகும் நாள்.

இரண்டாவது தேதியில் அவசரப்படக் கூடாது. அனுபவச் சான்றிதழில் ஏறுவது அதுதான். பி.எஸ்சி. முடித்தவர் எம்.எஸ்சி. நர்ஸிங் சேர ஒரு வருட வேலை அனுபவம் வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதி. 2025 ஆகஸ்ட் 18இல் வேலைக்குச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2026 ஆகஸ்ட் 14 என்று எழுதிக் கொடுத்தால் ஒரு வருடத்துக்கு மூன்று நாள் குறையும். 17ஆம் தேதி முடிந்தால்தான் வருடம் நிறையும். அனுபவத்தை எந்தத் தேதி வரை கணக்கில் எடுப்பார்கள் என்பதைக் கல்லூரியின் பிராஸ்பெக்டஸில் பார்த்துவிட்டே நாளைக் குறியுங்கள்.

நோட்டீஸ் கணக்கிலும் ஒரு நாள் நழுவும். ஜூலை 15இல் கடிதம் கொடுத்து 30 நாள் என்றால், மறுநாளிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 14 வரும். கொடுத்த நாளையும் சேர்த்தால் 13. எப்படி எண்ணுகிறார்கள், நோட்டீஸ் காலத்தில் எடுத்த லீவுக்கு நாள் கூட்டுவார்களா என்று அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியை ராஜினாமாவாக நினைத்துவிடவும் கூடாது. கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான தேதியையும் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள்.

வார்டு குரூப்பில் முதலில் போட்டுவிடுவது இன்னொரு தவறு. இன்சார்ஜ் சிஸ்டருக்கு அவருடைய ஆளே போகிற சேதி மற்றவர்களோடு சேர்ந்து தெரிவது வருத்தம். அது ஒரு பக்கம் இருக்க, அதே மாதம் ஓணம் வருகிறது. 2026இல் திருவோணம் ஆகஸ்ட் 26. எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் சேச்சிமார் அந்த வாரம் லீவு கேட்பார்கள். ஒரு ஆள் குறையும் என்று முன்பே தெரிந்தால்தான் இன்சார்ஜ் சிஸ்டர் யாருக்கு லீவு கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். நேரில் சொல்லி, கடிதம் கொடுத்து, பிறகு அவருக்குத் தனியே எழுதுங்கள்:

"வணக்கம் சிஸ்டர். எம்.எஸ்சி. நர்ஸிங் படிக்கச் சேர்கிறேன். ஜூலை 15இல் ராஜினாமா கடிதம் கொடுத்திருக்கிறேன். என் கடைசி டியூட்டி ஆகஸ்ட் 14 வெள்ளிக்கிழமை, காலை ஷிஃப்ட், மதியம் 2 மணி வரை. 15, 16, 17 பாக்கி ஆஃப். ரிலீவ் ஆகும் நாள் ஆகஸ்ட் 17 திங்கட்கிழமை. 10ஆம் தேதிக்குப் பிறகு நைட் போடாமல் இருந்தால் உதவியாக இருக்கும். மருந்து அலமாரிச் சாவியையும் இருப்புப் பதிவேட்டையும் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்."

இங்கே நைட் வேண்டாம் என்பது சொகுசுக்காகக் கேட்பதில்லை. கடைசி வாரம் நைட் பார்த்தால் அதற்குரிய நைட் ஆஃப் ரிலீவ் ஆன பிறகு விழுந்து வீணாகும். காலை ஷிஃப்டில் இருந்தால் பதிவேட்டைப் பார்த்து, ஆம்பூல்களை எண்ணி, வாங்குபவர் முன்னிலையில் கையெழுத்துப் போட அலுவலகமும் திறந்திருக்கும்.

குரூப்பில் எழுதும்போது தேதியை வார்த்தையில் சொல்லாதீர்கள். நமக்கு 'மறுநாள்' என்றால் அடுத்த நாள். மலையாளத்தில் 'மற்றந்நாள்' என்றால் நாளைக்கு அடுத்த நாள். இரண்டு பாஷையும் புழங்கும் வார்டில் "பதினாலாம் தேதிக்கு மறுநாள் இருக்க மாட்டேன்" என்று எழுதினால் ஆளுக்கொரு விதமாகப் புரியும். எண்ணும் கிழமையும் சேர்த்து எழுதினால் ஒன்று தப்பினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்:

"அன்பு சிஸ்டர்ஸ், சேச்சிமாரே, மேல்படிப்புக்குப் போகிறேன். 14.8.2026 வெள்ளி காலை ஷிஃப்ட் என் கடைசி டியூட்டி. என்னோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டவர்கள் 10ஆம் தேதிக்குள் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்."

மாற்றிக்கொண்ட ஷிஃப்ட் பாக்கி இருந்தால் அது நீங்கள் போன பிறகு இன்னொருவர் தலையில் விழும். ஆகவே அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.