இரண்டாவது நினைவூட்டலில் நான் மாற்றியது

மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு என் பழைய பேராசிரியருக்கு மெயில் அனுப்பியிருந்தேன். பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து, "சார், என் மெயிலைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

இரண்டாவது நினைவூட்டலை எழுத உட்கார்ந்தபோது, "ஏற்கெனவே இரண்டு முறை எழுதியும்..." என்றுதான் கை தட்டச்சு செய்தது. அதை அழித்துவிட்டு முதல் மெயிலைத் திறந்து படித்தேன். ஐந்து பத்தி. நான் கேட்டது கடைசிப் பத்தியில் இருந்தது. கடைசித் தேதி எங்கேயும் இல்லை. வகுப்புக்கு நடுவே போனில் பார்ப்பவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று மூடி வைக்கத்தான் செய்வார்.

அதனால் பழைய மெயிலுக்கே ரிப்ளை போட்டேன். அவர் தேட வேண்டாம், நானும் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டாம். எழுதியது இவ்வளவுதான்:

"வணக்கம் சார். கடிதத்தைப் பதிவேற்றக் கடைசி நாள் 15ஆம் தேதி என்று இப்போது தெரிந்தது. உங்களிடம் செய்த புராஜெக்ட், மதிப்பெண் விவரங்களை ஒரே பக்கத்தில் இணைத்திருக்கிறேன். இந்த முறை நேரம் இல்லையென்றால் 'முடியாது' என்று ஒரு வார்த்தை போதும், வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன்."

அந்தக் கடைசி வரியை எழுதத் தயக்கமாக இருந்தது. ஆனால் மறுக்கச் சங்கடப்பட்டுத்தான் பலர் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். செவ்வாய் காலை ஒன்பதரைக்கு அனுப்பினேன். மதியமே பதில் வந்தது: "வெள்ளிக்கிழமை தருகிறேன்."