சிம்மைக் கழற்றுவதற்கு முன்னால் ஐமெசேஜை அணைத்தீர்களா?

ஐபோனிலிருந்து போகும் மெசேஜ் நீலமாகப் போவதும் பச்சையாகப் போவதும் எதிரில் இருப்பவர் கையில் என்ன போன் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. அவர் கையில் என்ன இருக்கிறது என்பது உங்கள் போனுக்குத் தெரியாது. அது ஆப்பிளின் சர்வரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த எண் ஆப்பிளின் சொந்த மெசேஜ் சேவையான ஐமெசேஜில் பதிவாகியிருக்கிறதா? "ஆம்" என்று பதில் வந்தால், அந்த எண்ணோடு சேர்ந்த கருவிகளுக்கு மெசேஜ் பூட்டப்பட்டு இணையம் வழியாகப் போகும், அது நீலம். "இல்லை" என்றால் எஸ்எம்எஸ், அல்லது இரு பக்கமும் வசதி இருந்தால் எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ், இவை இரண்டும் பச்சை.

ஆக, எல்லாமே அந்தப் பதிவை நம்பித்தான் நடக்கிறது. தவறுகளும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

உங்கள் அண்ணன் ஐபோனை விட்டுவிட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போடுகிறார், கால் வருகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார். ஆனால் சிம் இடம் மாறியதால் மட்டும் ஐமெசேஜ் பதிவு அந்த நிமிடமே போய்விடாது. நீங்கள் அனுப்பும் "எப்போது வருகிறாய்?" நீலமாகவே கிளம்புகிறது, புதுப் போனுக்கு வரவே வராது, தனக்கு ஒன்று வரவில்லை என்பதே அண்ணனுக்குத் தெரியாது. நீங்கள் அவர் பதில் போடவில்லை என்று கோபப்படுவீர்கள், அவர் நீங்கள்தான் மெசேஜே போடுவதில்லை என்பார், இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

அனுப்பியவர் பக்கத்தில் இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. நீலக் குமிழுக்குக் கீழே `Delivered` என்ற சொல் வரவே இல்லையென்றால், மெசேஜ் எந்தக் கருவிக்கும் போய்ச் சேரவில்லை. ஆனால் இதை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். அண்ணனின் பழைய ஐபோன் வைஃபையோடு அலமாரியில் கிடந்தாலோ, அவருடைய ஐபேட் அதே கணக்கில் திறந்திருந்தாலோ மெசேஜ் அங்கே போய் இறங்கும், உங்களுக்கும் `Delivered` என்றே காட்டும். எந்தக் கருவிக்குப் போனது என்று அந்தச் சொல் சொல்லாது. பல வீடுகளில் குழப்பம் நாள்கணக்கில் நீள்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, மாறுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? சிம் பழைய ஐபோனில் இருக்கும்போதே `Settings` போய் `Messages` பகுதியில் `iMessage` பொத்தானை அணைக்க வேண்டும் (புதிய ஐஓஎஸ் என்றால் இது `Apps` என்பதற்குள் இருக்கும்). அப்படியே `FaceTime`-ஐயும் அணைத்துவிடுங்கள். ஐபேடையும் மேக்கையும் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால், அங்கே ஐமெசேஜ் அமைப்பில் உங்கள் போன் எண் இன்னும் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

இது எதையும் செய்யாமல் பழைய போனை விற்றே விட்டீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்கக் குறியீடு வரும், அதைப் பக்கத்தில் அடித்தால் பதிவு நீங்கும்.

```
https://selfsolve.apple.com/deregister-imessage
```

குறியீடு எஸ்எம்எஸ்ஸாக வருவதால் அந்த எண் உங்கள் கையில் உயிரோடு இருந்தாக வேண்டும். எண்ணையே விட்டுவிட்ட பிறகு இந்த வழி உதவாது. பதிவை நீக்கிய மறு நொடியே எல்லோருடைய போனும் மாறிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், சிலருக்குக் கொஞ்ச நேரம் பழைய விவரமே இருக்கும். அதுவரை அவர்கள் தாங்கள் அனுப்பிய மெசேஜைத் தங்கள் போனில் அழுத்திப் பிடித்து `Send as Text Message` கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸாகப் போகும்.

"இப்போதுதான் ஐபோனில் ஆர்சிஎஸ் வந்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்திருக்குமே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். தீராது. ஐஓஎஸ் 18-இல் ஆர்சிஎஸ் வந்தது உண்மைதான், ஆனால் போன் முதலில் பார்ப்பது ஐமெசேஜ் பதிவைத்தான். பழைய பதிவு நிற்கும்வரை ஆர்சிஎஸ் பக்கம் அது திரும்பாது.

கடைசியாகக் குரூப். எல்லோரும் ஐபோனாக இருந்தபோது தொடங்கிய நீலக் குரூப், ஒருவர் வெளியே போனதும் தானாகவே ஒழுங்காக மாறிக்கொள்ளும் என்று நம்பாதீர்கள், மாறியவருக்கு மட்டும் பேச்சு வராமல் போகலாம். குரூப்பில் இன்னும் ஐபோன் வைத்திருக்கும் யாராவது ஒருவர், அந்தப் பழைய உரையாடலில் தொடராமல், எல்லோருடைய எண்ணையும் போட்டுப் புதிதாக ஒரு குரூப் தொடங்கட்டும். அது பச்சையாகத் திறந்தால் அண்ணனுக்கும் வரும்.