மண்டிக்குக் கேபிள் இழுக்கும் முன்: பஸ், ஸ்டார், ரிங், மெஷ்ஷை மீட்டர் போட்டுப் பார்ப்போம்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்த மளிகை மண்டிக்குப் புதிதாக நெட்வொர்க் போட்டுக் கொடுத்தேன். நாலு டோபாலஜியையும் அந்த ஒரே கட்டடத்தில் போட்டுக் கணக்குப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும் என்பதால் அதையே இங்கே எழுதுகிறேன். ஐபி முகவரி வைப்பது, ஆர்ஜே45 கிரிம்ப் அடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கட்டடத்தைத் தாளில் வரையுங்கள்

மாசி வீதிக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். இந்த மண்டியிலும் அப்படித்தான். வரிசையாக ஐந்து இடங்களில் சுவிட்ச் வேண்டும்: 1. முன்பக்க பில் கவுண்டர், 2. கணக்கு அறை, 3. பேக்கிங், 4. குடோன், 5. சரக்கு ஏற்றும் பின்வாசல். சுவரோரமாக வளைந்து போகும் வழியை டேப் வைத்து அளந்தால் ஒவ்வொன்றுக்கும் இடையே 20 மீட்டர். நேர்கோட்டில் அளக்காதீர்கள், கேபிள் நேர்கோட்டில் போகாது.

படி 2: நாலுக்கும் மீட்டர் போடுங்கள்

பஸ்: 1-லிருந்து 2, அங்கிருந்து 3 என்று கோர்த்துக்கொண்டே போனால் நாலு துண்டு, மொத்தம் 80 மீட்டர்.

ஸ்டார்: கவுண்டரில் மைய சுவிட்சை வைத்தால் 20, 40, 60, 80 என மொத்தம் 200 மீட்டர்.

ரிங்: அந்த 80-தோடு, கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பி வர இன்னொரு 80. ஆக 160.

மெஷ்: ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும். n இடம் என்றால் n(n-1)/2 கேபிள். ஐந்துக்குப் பத்து கேபிள், கூட்டிப் பார்த்தால் 400 மீட்டர்.

கேட்6 கேபிள் பெட்டி 305 மீட்டராக வரும். அதனால் மெஷ்ஷைத் தவிர மற்ற மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடக்கம். புத்தகத்தில் "பஸ் மலிவு, ஸ்டார் செலவு" என்று போட்டிருப்பது கேபிளை மட்டும் பார்த்தால் சரி. ஒரு பெட்டி எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்னும்போது அந்த வித்தியாசம் அநேகமாகக் காணாமல் போகிறது.

இன்னொன்று. ஸ்டாரின் மையம் கவுண்டரில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நட்டநடுவே, பேக்கிங்கில் வைத்தால் 20+20+40+40, வெறும் 120 மீட்டர். ரிங்கை விடக் குறைவு! ஆனால் அங்கே நாள் பூராவும் மிளகாய்த் தூள் பறக்கிறது, சுவிட்சின் ஃபேன் அதை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். பக்கத்துக் கணக்கு அறைக்கு நகர்த்தினால் 140. இருபது மீட்டர் கூடினாலும் அங்கே பூட்டு இருக்கிறது, யுபிஎஸ் இருக்கிறது. அங்கேயே வைத்தேன். கேபிள் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு மீட்டர் கூடுதலாக விட்டதில் 156 ஆனது.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்புதானா என்று பாருங்கள். உள்கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரம் அனுப்பப் போகிறீர்கள் என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

படி 3: எது போனால் எது நிற்கும்?

பாடப் புத்தகத்து பஸ் வேறு, இன்று கடைகளில் நடக்கும் "பஸ்" வேறு. பழைய பஸ் என்பது ஒரே கோஆக்ஸ் கேபிள், இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர், ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 185 மீட்டர், 30 கணினி. நடுவில் அறுந்தால் சிக்னல் வெட்டுப்பட்ட இடத்தில் மோதித் திரும்பி, மொத்தமும் படுத்துவிடும். இப்போது நாம் செய்வது சுவிட்சுக்குச் சுவிட்ச் கோர்க்கும் சங்கிலி. இதில் அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவை மட்டும்தான் தனியாகப் போகும். பரீட்சைக்கு முதலாவதை எழுதுங்கள், கடைக்கு இரண்டாவதை நினைவில் வையுங்கள்.

சங்கிலியில் கேபிள் அறுவதை விட அதிகம் நடப்பது வேறு. பேக்கிங்கில் யாரோ போன் சார்ஜ் போட சுவிட்சின் பிளக்கைப் பிடுங்குவார்கள். உடனே குடோனும் பின்வாசலும் இருட்டு. பின்வாசல் ஆளுக்கோ தன் கணினியில்தான் கோளாறு என்று தோன்றும். ஸ்டாரில் பேக்கிங் பிளக் போனால் பேக்கிங் மட்டும்தான் நிற்கும். அதற்குப் பதிலாக மைய சுவிட்ச் போனால் எல்லாமே போகும். அதற்கு மருந்து, அதே மாடலில் இன்னொன்றை வாங்கி, அதே அமைப்பை ஏற்றி, பீரோவில் வைப்பது.

மளிகை மண்டியில் எலியைச் சொல்லாமல் விட முடியாது. எலி ஒரேயடியாக வெட்டாது, கொறித்துக்கொண்டே இருக்கும். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை இரண்டு ஜோடி போதும். அதனால் பழுப்பு ஜோடி மட்டும் போனால் பல சுவிட்சுகளில் இணைப்பு அறாமல் 100-க்கு இறங்கிவிடும். போர்ட் விளக்கு நிறம் மாறியிருக்கும், கேமரா படம் திக்கித் திக்கி வரும். நெட் ஸ்லோ என்று கம்பெனிக்குப் போன் போடும் முன் அந்த விளக்கைப் பாருங்கள். எட்டு விளக்கு உள்ள சாதாரண டெஸ்டரே எந்தக் கம்பி என்று சொல்லிவிடும். விலை கூடியது வேண்டியதில்லை.

ரிங்கில் ஒரு வெட்டு விழுந்தால் சுற்றிக்கொண்டு மறுபக்கமாகப் போய்விடும். ஆனால் போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் ஒரே பைப்புக்குள் இருந்தால், கொத்தனாரின் ஒரே டிரில் இரண்டையும் வாங்கிவிடும். திரும்பும் வழியை மாடி வழியாகக் கொண்டுபோக இடம் இருந்தால் மட்டும் ரிங்கை யோசியுங்கள்.

படி 4: வளையம் விழாமல் பார்ப்பது (இதை அவசரப்படாமல் படியுங்கள்)

எலிக்குப் பயந்து குடோனுக்கும் பின்வாசலுக்கும் இரண்டாவதாக ஒவ்வொரு உதிரிக் கேபிள் இழுத்தேன். கூடுதல் நீளத்தையும் சேர்த்து 108 மீட்டர். 156-ஐயும் இதையும் கூட்டினால் 264, பெட்டிக்குள்ளேயே முடிந்தது. இரண்டு முனையையும் சொருகாமல் டேப் ஒட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் கணக்கு அறையைச் சுத்தம் செய்தவர், தொங்குகிறதே என்று ஒரு முனையை மைய சுவிட்சில் சொருகியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பிரிண்டர் மாட்ட வந்தவர் பின்வாசலில் மறு முனையைச் சொருகினார். அவ்வளவுதான், முன்பக்க பில் உட்பட எல்லாம் உறைந்துவிட்டது. அண்ணாச்சி போனில், "தம்பி, பில்லு போட முடியல, வண்டி ரெண்டு நிக்குது, நெட்டு கம்பெனிக்காரன் லைன் நல்லா இருக்குங்கறான்" என்றார்.

நடந்தது இதுதான். ஒரு கணினி "இந்த ஐபி யாருடையது?" என்று கேட்டால் அந்தக் கேள்வி எல்லாப் போர்ட்டிலும் வெளியே போகும். இரண்டு சுவிட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் இருந்தால், ஒன்றில் போனது மற்றதில் திரும்பி வந்து மறுபடி வெளியே போகும். ஐபி பாக்கெட்டில் இத்தனை தாவலுக்குப் பின் செத்துப்போ என்று ஒரு எண் உண்டு, ஈதர்நெட் ஃபிரேமில் அது கிடையாது. எனவே அது நிற்காமல் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் எல்லாருக்கும் நகல் போகும், புதுக் கேள்விகளும் சேரும்.

அடையாளம்: சும்மா இருக்கும் போர்ட் உட்பட எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் படபடவென்று சிமிட்டும். ஒரு கணினியில் இதை ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.1.1
```

(கடைசியில் உங்கள் ரூட்டரின் முகவரியைப் போடுங்கள்.) `Request timed out` ஓடிக்கொண்டிருக்கும்போதே மைய சுவிட்சில் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் `Reply from` வருகிறதோ, வளையம் அந்தப் பக்கம். ஸ்டாரின் பெரிய லாபமே இதுதான், நின்ற இடத்திலேயே தேடி முடித்துவிடலாம். சங்கிலியில் 80 மீட்டரும் நடக்கணும்.

நிரந்தரத் தீர்வு ஸ்பானிங் ட்ரீ. ரேடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கிய முறை இது. சுவிட்சுகள் தமக்குள் பேசி, வளையம் தெரிந்தால் ஒரு போர்ட்டை மூடி வைக்கும். இதன் வேகமான வடிவமான ஆர்.எஸ்.டி.பி. உள்ள மேனேஜ்டு சுவிட்சைத்தான் மையத்தில் வைக்கச் சொல்வேன். சிஸ்கோ வகையில், கான்ஃபிக் முறைக்குள் போய்:

```
spanning-tree mode rapid-pvst
spanning-tree vlan 1 priority 4096
```

இரண்டாவது வரி முக்கியம். எண் குறைவாக உள்ள சுவிட்சே தலைமை. ஒன்றும் கொடுக்காவிட்டால் எல்லாம் 32768-இல் நிற்கும், மேக் முகவரி சிறியதாக உள்ள ஏதோ ஒரு பழைய சுவிட்ச் தலைமையாகிவிடலாம். பிறகு `show spanning-tree` கொடுத்தால்:

```
Interface  Role Sts Cost  Prio.Nbr Type
Gi0/4      Desg FWD 4     128.4    P2p
Gi0/8      Back BLK 4     128.8    P2p
```

`BLK` என்றால் உதிரிக் கேபிள் சொருகியிருந்தும் மூடப்பட்டிருக்கிறது, கடை ஓடும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. பின்வாசலில் இருப்பது சாதா சுவிட்ச் என்றால், மையம் அனுப்பும் ஸ்பானிங் ட்ரீ செய்தியை அது அப்படியே மறு போர்ட்டில் திருப்பி அனுப்பினால்தான் மையத்துக்கு வளையம் தெரியும். பெரும்பாலானவை அனுப்பும், சில விழுங்கிவிடும். எனவே கடை மூடியபின் வேண்டுமென்றே இரண்டையும் சொருகிச் சோதித்துப் பாருங்கள். அப்படியே முதல் கேபிளைப் பிடுங்கியும் பாருங்கள். உதிரிக் கேபிள் தானாக எடுத்துக்கொள்ளும், ஆனால் சாதா சுவிட்ச் பதில் பேசாததால் அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐந்து இடத்திலும் ஆர்.எஸ்.டி.பி. சுவிட்ச் போட்ட ரிங்கில் இது ஓரிரு பிங் நழுவுவதோடு முடியும். ரிங்கின் உண்மையான செலவு அந்த ஐந்து மேனேஜ்டு சுவிட்சில்தான் இருக்கிறது, கேபிளில் இல்லை.

படி 5: ஆறாவது இடம் வந்தால்

மாடியில் ஒரு அறை கூடுகிறது என்று வையுங்கள். ஸ்டாரில் மையத்திலிருந்து ஒரு கேபிள், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. சங்கிலியிலும் வால் நுனியில் என்றால் ஒன்றே போதும். ரிங்கில் ஓடும் இணைப்பு ஒன்றைப் பிரித்து நடுவே நுழைக்கணும். மெஷ்ஷில் ஐந்து புதுக் கேபிள், பழைய ஐந்து சுவிட்சிலும் காலி போர்ட் வேறு வேண்டும். மண்டிக்கு முழு மெஷ் யாராவது எஸ்டிமேட் கொடுத்தால் மரியாதையாக வாசலைக் காட்டுங்கள். மைய சுவிட்சை மட்டும் எட்டுப் போர்ட்டில் வாங்காமல் பதினாறில் வாங்குங்கள், கேமரா கூடிக்கொண்டேதான் இருக்கும்.

எதிர்ச்சாரிக் கிளைக்கு வீதியின் குறுக்கே கேபிள் இழுக்கலாமா என்று அண்ணாச்சி கேட்டார். மாசி வீதியில் சித்திரைத் தேர் வரும். வேண்டாம் என்றேன். அங்கே தனி இணைப்பு போட்டாயிற்று.

பின்சேர்க்கை: கப்பலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஒரே நீளக் கூரை, ஐந்து இடம், இடையே 30 மீட்டர், ரிங்தான் வேண்டும், ஆனால் கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பும் கேபிள் 120 மீட்டர் வருகிறது. செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர், ஆக அது ஆகாது. வரிசைப்படி கோர்க்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோர்த்துவிடுங்கள்: 1-3-5-4-2-1. மொத்தம் அதே 240 மீட்டர்தான், ஆனால் எந்தத் துண்டும் 60-ஐத் தாண்டாது. கேபிளின் இரு முனையிலும் `1-3`, `5-4` என்று ஒட்டிவிடுங்கள். பக்கத்து சுவிட்சுக்குத்தான் போகும் என்று நினைத்து மாற்றிச் சொருகுவார்கள்.