மலையாள நூலைப் பார்த்துத் தமிழ் அசைன்மென்ட் எழுதுகிறீர்களா?

பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, நூலை மூடிவிட்டு எழுதுங்கள். பாலக்காடு, சித்தூர் பக்கத்து மாணவர்களுக்கு இது மிகவும் தேவை. இரு மொழிக்கும் சொல்வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். நூல் திறந்திருந்தால் சொல் தமிழாகும், வாக்கியம் ஆசிரியருடையதாகவே நிற்கும். அதுவும் திருட்டுதான்.

"மலையாள வினைமுற்றில் பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை" என்று நூலில் இருந்தால், "அவன், அவள், அவர்கள் எல்லோருக்கும் மலையாளத்தில் 'வந்நு' ஒன்றே போதும்" என எழுதலாம். பிறகு நூலைத் திறந்து, பொருள் பிசகியிருக்கிறதா என்று பாருங்கள். கருத்து அவருடையது என்பதால் ஆசிரியர், ஆண்டு, பக்கம் அப்போதும் கட்டாயம்.

இலக்கண நூற்பா, பாடல் வரி, வட்டார வழக்கு ஆகியவற்றுக்கு இது ஒத்துவராது. அங்கே சொல்லே சான்று. மேற்கோள்குறிக்குள் அப்படியே கொடுங்கள்.