கட்டுரையின் முடிவில் வாசகரிடம் என்ன கேட்பது?

பேக்கப் மென்பொருள் விற்பவர் ஒருவர் "ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் ஏன் வருகிறது?" என்று கட்டுரை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிவில் "இன்றே வாங்குங்கள்!" என்று போட்டால் பட்டனை யாரும் தொடமாட்டார்கள். சத்தத்துக்குக் காரணம் தேடி வந்தவருக்கு பேக்கப் மென்பொருள் என்ற நினைப்பே இன்னும் வரவில்லை.

1. வாசகர் எந்த நிலையில் வருகிறார்?

கூகுள் Search Console-இல் Performance பக்கத்தைத் திறந்து, Pages-இல் அந்தக் கட்டுரையைச் சொடுக்கிவிட்டு Queries-க்குப் போங்கள். "ஏன்", "எப்படி" என்ற தேடல்கள் அதிகம் என்றால் அவருக்குப் பிரச்சினை மட்டும்தான் தெரியும். "எது நல்லது" என்று கேட்பவர் தீர்வுகளை ஒப்பிடுகிறார். மென்பொருளின் பெயரோடு விலையையும் தேடுகிறவர்தான் வாங்கும் நிலையில் இருப்பவர். தேடல்கள் கலந்து வந்தால், அதிக க்ளிக் தந்த வகையை மட்டும் மனத்தில் வைத்து எழுதுங்கள். புதிய கட்டுரைக்குத் தேடல் விவரம் இருக்காது. அப்போது தலைப்பையே கேள்வியாகப் படித்துப் பாருங்கள். யார் கேட்பார் என்பது தெரிந்துவிடும்.

2. அடுத்த படி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

சத்தம் போடும் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். அதை முழுவதுமாகப் படிக்கவைக்கும் பேக்கப், இருக்கும் உயிரையும் வாங்கிவிடக்கூடும். ஆக, இங்கே "இலவசமாக முயன்று பாருங்கள்" என்பதுகூடத் தவறான யோசனைதான். அவருக்கு இப்போது வேண்டியது, எந்தக் கோப்புகளை முதலில் வெளியே எடுப்பது என்ற ஒரு பக்க வரிசை. அந்தப் பக்கத்தின் முடிவில், கையால் நகலெடுப்பதையும் தானாக நடக்கும் பேக்கப்பையும் ஒப்பிடும் கட்டுரைக்கு இணைப்பு கொடுங்கள். மென்பொருளின் பெயர் வரவேண்டிய இடம் அந்த ஒப்பீட்டின் கடைசி.

3. வரியை எழுதுங்கள்

"மேலும் அறிய" என்ற பட்டன் எதையும் சொல்வதில்லை. சொடுக்கினால் என்ன கிடைக்கும் என்பதை எழுதுங்கள்:

"டிஸ்க் இன்னும் திறக்கிறதா? திரும்பக் கிடைக்காத கோப்புகளை முதலில் எடுத்துவிடுங்கள். [நகலெடுக்கும் வரிசையைப் பார்க்க]"

இதற்கு மின்னஞ்சல் முகவரி கேட்காதீர்கள். பதறிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் ஒரு விலைதான்.

4. வேலை செய்கிறதா?

மொத்த வருகையோடு க்ளிக்குகளை ஒப்பிட்டால் கணக்கு தவறும். பாதியில் போனவர் பட்டனையே பார்த்திருக்கமாட்டார். Google Analytics 4-இல் Enhanced measurement இயங்கினால், பக்கத்தின் 90% ஆழத்தைத் தொட்டவுடன் `scroll` நிகழ்வு பதிவாகும். அந்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அது குறைவு என்றால் குறை கட்டுரையின் உடலில் இருக்கிறது. அது நிறைய இருந்தும் க்ளிக் இல்லை என்றால், நிலையைத் தவறாகக் கணித்திருக்கிறீர்கள். 1-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தானாகப் பதிவாகும் `click` நிகழ்வு வேறு தளத்துக்குப் போகும் இணைப்புகளை மட்டுமே எண்ணும். உங்கள் தளத்துக்குள்ளேயே போகும் பட்டனுக்குத் தனி நிகழ்வு அமைக்காவிட்டால், பட்டனை எத்தனை பேர் அழுத்தினாலும் அதில் தெரியாது.