தையல்கடைக்கு ஒரு கருத்தாய்வு: என்பிஎஸ், சிசாட் எண்களிலிருந்து எதைத் திருத்துவது என்பதைக் கண்டுபிடிக்கும் முறை

மார்க்கெட்டிங் படிக்கும் மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளைப் பார்க்கும்போது ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கருத்தாய்வு நடத்தி, என்பிஎஸ் கணக்குப் போட்டு, வண்ணமயமாக வரைபடமும் வைத்துவிடுகிறார்கள். அதற்கடுத்த பக்கத்தில் "சேவையை மேம்படுத்த வேண்டும்" என்று ஒரு வரி. எந்தச் சேவையை, ஏன் அதை முதலில் என்பதற்கு விடை இருக்காது. அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதுதான் இந்தப் பதிவு.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பிளவுஸ் தைத்துத் தரும் ஒரு சிறு கடையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் கடைக்கு நான் செய்துகொடுத்த வேலையின் வடிவம்தான் இது. எண்களை மட்டும் நீங்கள் பேப்பரில் போட்டுப் பார்க்க வசதியாக மாற்றி அமைத்திருக்கிறேன்.

1. கேள்விகள்

என்பிஎஸ், அதாவது நெட் புரமோட்டர் ஸ்கோர், 2003இல் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை மூலம் பரவியது. "எங்கள் கடையை உங்கள் நண்பருக்கோ உறவினருக்கோ பரிந்துரைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?" என்று 0 முதல் 10 வரை கேட்பார்கள். 9, 10 கொடுப்பவர் புரமோட்டர். 7, 8 பாஸிவ். 0 முதல் 6 வரை எல்லாம் டிட்ராக்டர். புரமோட்டர் சதவீதத்திலிருந்து டிட்ராக்டர் சதவீதத்தைக் கழித்தால் ஸ்கோர். −100 முதல் +100 வரை வரலாம். அது சதவீதம் அல்ல, அதனால் பக்கத்தில் % குறி போடாதீர்கள்.

சிசாட், அதாவது கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்ஷன் ஸ்கோர், வேறு. ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 5 வரை கேட்டு, 4, 5 கொடுத்தவர்களின் சதவீதத்தைச் சொல்வது. என்பிஎஸ் கடையைப் பற்றிய ஒட்டுமொத்த மனநிலையைச் சொல்லும். சிசாட் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டையும் ஒரே படிவத்தில் கேட்டால்தான் பின்னால் வரும் வேலையைச் செய்ய முடியும்.

வரிசை முக்கியம். முதலில் என்பிஎஸ். அடுத்து "ஏன் அந்த எண்?" என்று ஒரு திறந்த கேள்வி. அப்புறம்தான் சிசாட்: அளவெடுத்தது, தையல், துணி கிடைத்த நேரம், கடையில் காத்திருக்கும் இடம். சிசாட்டை முதலில் வைத்தால், காத்திருந்த நாற்காலியைப் பற்றி யோசித்துக்கொண்டே பரிந்துரை கேள்விக்குப் பதில் சொல்வார்கள். கடைசியாக ஒரு ஆம்/இல்லை கேள்வி: "சொன்ன தேதியில் துணி கிடைத்ததா?" இது திருப்தியைக் கேட்பதல்ல, நடந்ததைக் கேட்பது. இந்தப் பதிவின் பாதிப் பலன் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

2. படிவம்

கூகுள் ஃபார்ம்ஸ் போதும். காசு கொடுத்து வாங்கும் கருவிகளில் டாஷ்போர்டு அழகாக இருக்கும். ஆனால் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் கணக்கை நீங்களே போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என்பிஎஸ் கேள்விக்கு Linear scale தேர்ந்தெடுக்கும்போது அது தானாக 1 முதல் 5 என்று வரும். மேல் எல்லையை 10 ஆக்கிவிட்டுக் கீழ் எல்லையை 1 என்றே விட்டுவிடுபவர்கள் நிறைய. அதையும் 0 ஆக்குங்கள். 1 முதல் 10 வரை கேட்டது என்பிஎஸ் அல்ல, வேறு எதனுடனும் ஒப்பிட முடியாது. இரண்டு முனைகளிலும் விளக்கமும் எழுதுங்கள். இல்லையென்றால் 1ஆம் எண்ணை முதலிடம் என்று நினைத்து அமுக்குபவர்கள் உண்டு. எழுதிய காரணம் புகழ்ச்சியாகவும் எண் 0 அல்லது 1 ஆகவும் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

3. அனுப்புதல்

துணியைக் கையில் கொடுத்துவிட்டு, கவுண்டரிலேயே "இதைக் கொஞ்சம் நிரப்புங்க" என்று ஃபோனை நீட்டினால் பத்துக்குப் பத்துதான் வரும். அக்கா எதிரே நிற்கும்போது யார் 5 போடுவார்கள்? தவிர, பிளவுஸைப் போட்டுப் பார்க்காமல் தையலைப் பற்றி என்ன சொல்ல முடியும்? இரண்டு மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புங்கள். துணி வாங்கிய எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். சிரித்துப் பேசியவர்களுக்கு மட்டும் அனுப்பினால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும்.

4. முதல் கணக்கு

80 பேர் பதில் அளித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். புரமோட்டர் 40, பாஸிவ் 20, டிட்ராக்டர் 20. அதாவது 50 கழித்தல் 25, ஸ்கோர் +25. ஷீட்டில் என்பிஎஸ் பதில்கள் B நெடுவரிசையில் இருந்தால்:

```
=(COUNTIF(B2:B81,">=9")-COUNTIF(B2:B81,"<=6"))/COUNT(B2:B81)*100
```

இந்த எண்ணை அப்படியே அறிக்கையில் எழுதாதீர்கள். பிழை வரம்பையும் சேர்த்துப் போடுங்கள். புரமோட்டர் விகிதம் 0.50 K1இலும், டிட்ராக்டர் விகிதம் 0.25 K2இலும், ஆள் எண்ணிக்கை K3இலும் இருந்தால்:

```
=1.96*SQRT((K1+K2-(K1-K2)^2)/K3)*100
```

விடை சுமார் 18. ஆக, உண்மையான ஸ்கோர் +7க்கும் +43க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். அடுத்த மாதம் இன்னொரு 80 பேரிடம் கேட்டு +32 வந்தால் "ஏழு புள்ளி ஏறிவிட்டது" என்று கொண்டாட இடமில்லை. ஒன்றுமே மாறாமலும் அந்த அளவு ஆடும். சிறு கடைகளில் என்பிஎஸ் மாதாமாதம் ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

5. எதைத் திருத்துவது?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடம் மாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம் 80 பேரின் சிசாட்: அளவெடுத்தது 90%, தையல் 85%, துணி கிடைத்த நேரம் 65%, காத்திருக்கும் இடம் 50%.

பார்த்தவுடன் கை எங்கே போகும்? காத்திருக்கும் இடத்துக்கு. மிகக் குறைந்த மதிப்பெண் அதற்குத்தானே. இரண்டு நாற்காலி வாங்கிப் போடலாம், மின்விசிறி மாட்டலாம் என்று பரிந்துரை எழுதிவிடுவார்கள்.

பொறுங்கள். காத்திருக்கும் இடத்துக்கு 4, 5 கொடுத்த 40 பேரைத் தனியாகவும், 1 முதல் 3 வரை கொடுத்த 40 பேரைத் தனியாகவும் பிரித்து, இரு பக்கத்துக்கும் என்பிஎஸ் பாருங்கள். முதல் பக்கத்தில் புரமோட்டர் 21, டிட்ராக்டர் 10, ஸ்கோர் ஏறக்குறைய +28. இரண்டாம் பக்கத்தில் புரமோட்டர் 19, டிட்ராக்டர் 10, ஸ்கோர் ஏறக்குறைய +23. வித்தியாசம் 5தான், பிழை வரம்புக்குள் காணாமல் போய்விடும். இடம் நெருக்கடி என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்காகக் கடையைப் பரிந்துரைக்காமல் இருப்பதில்லை. அந்தப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்குப் போய்ப் பழகியவர்கள் விசாலமான ஹாலை எதிர்பார்த்து வருவதில்லை.

இப்போது அந்த ஆம்/இல்லை கேள்வியை வைத்துப் பிரியுங்கள். அது H நெடுவரிசையில் இருந்தால், நேரத்துக்கு வாங்கியவர்களில் புரமோட்டர்கள்:

```
=COUNTIFS(B2:B81,">=9",H2:H81,"ஆம்")
```

சொன்ன தேதியில் வாங்கியவர்கள் 56 பேர்: புரமோட்டர் 36, டிட்ராக்டர் 6, ஸ்கோர் +54. தாமதமானவர்கள் 24 பேர்: புரமோட்டர் 4, டிட்ராக்டர் 14, ஸ்கோர் −42. ஒரே கடைக்குள் இரண்டு கடைகள் இருக்கின்றன. பிழை வரம்பைச் சேர்த்தாலும் முதல் குழு +35க்குக் கீழே இறங்காது, இரண்டாம் குழு −11க்கு மேலே ஏறாது. மொத்த டிட்ராக்டர்கள் 20 பேரில் 14 பேர் இந்தத் தாமதக் குழுவில்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. தாமதமான துணிகள் அவசரத்தில் மோசமாகத் தைக்கப்பட்டிருந்தால்? கோபம் தையல் மீதா, தேதி மீதா? அந்த 24 பேரில் 19 பேர் தையலுக்கு 4, 5 கொடுத்திருக்கிறார்கள், அதாவது 79%. நேரத்துக்கு வாங்கியவர்களிடம் அது 88%. பெரிய வித்தியாசம் இல்லை. கோபம் தேதி மீதுதான்.

ஆக, நீங்கள் தேட வேண்டியது குறைந்த சிசாட்டை அல்ல. எதைப் பிரித்தால் என்பிஎஸ் இரண்டாகப் பிளக்கிறதோ, அதைத்தான்.

6. காரணத்தைத் தேடுவது

தாமதம் என்று தெரிந்துவிட்டது. ஏன் தாமதம் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. அந்த 14 பேர் எழுதிய காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கடையின் ஆர்டர் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இங்கே "ரெண்டு தடவை வந்து திரும்பினேன்" என்பதுதான் அதிகம். புத்தகத்தைப் புரட்டினால், அவற்றில் பெரும்பாலானவை ஆரி வேலைப்பாட்டுக்கு வெளியே அனுப்பப்பட்ட பிளவுஸ்கள். கவுண்டரில் சாதா பிளவுஸுக்கும் ஆரி பிளவுஸுக்கும் "ஒரு வாரத்துல வாங்க" என்று ஒரே தேதியைச் சொல்லியிருக்கிறார்கள். தைப்பவர் மெதுவாக வேலை செய்யவில்லை, தேதிதான் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அதனால் பரிந்துரையும் சின்னதாகிறது. ஆரி வேலைக்குத் தனித் தேதி. வெளியிலிருந்து துணி திரும்பி வந்த பிறகு மட்டும் "தயார்" என்று வாட்ஸ்அப். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஆரி ஆர்டருக்கு ஒரு கடைசி நாள். புது ஆள் வேண்டாம், நாற்காலி வேண்டாம்.

பலன் தெரிய அடுத்த என்பிஎஸ் வரை காத்திருக்காதீர்கள். வாராவாரம் எத்தனை துணி சொன்ன தேதியில் போனது என்று ஆர்டர் புத்தகத்திலிருந்தே எண்ணுங்கள். அது முதலில் நகரும். அது நகராமல் என்பிஎஸ் மட்டும் ஏறியிருந்தால் அந்த ஏற்றத்தை நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர், "டிட்ராக்டர்களை அழைத்துப் பேச ஃபோன் எண் வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். வாங்கலாம், ஆனால் கட்டாயக் கேள்வியாக வைக்காதீர்கள். எதற்காக என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கருத்துக் கேட்க வாங்கிய எண்ணுக்குத் தள்ளுபடி விளம்பரம் அனுப்பத் தனியாகச் சம்மதம் வேண்டும். அடையாள அட்டை எண்ணை இதுபோன்ற ஆய்வில் கேட்கவே கூடாது.

இன்னொருவர், தன் கடையின் +25ஐச் சிங்கப்பூர் வாடிக்கையாளர் மனநிறைவுக் குறியீட்டோடு ஒப்பிடலாமா என்று கேட்டார். முடியாது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் நடத்தும் அந்தக் குறியீடு 0 முதல் 100 வரையிலான வேறொரு அளவுகோல், கணக்கிடும் முறையும் வேறு. அதில் வரும் 72க்கும் என்பிஎஸ்ஸில் வரும் 72க்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பிட வேண்டுமென்றால் உங்கள் கடையையே, அதே கேள்வி, அதே வரிசை, அதே அனுப்பும் முறையோடு, சென்ற தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் ஒப்பிடுங்கள். பண்டிகை மாதத்தையும் சாதா மாதத்தையும் ஒப்பிட்டால் ஆரி ஆர்டர்களின் பங்கே மாறியிருக்கும், ஸ்கோரும் அதோடு சேர்ந்து மாறும்.